நாணய ஜோடியின் விலையைப் படிப்பது எப்படி: எது சரக்கு, எது காசு?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நான் காட்டுவது ஒரே ஒரு வரிதான்.

```
USD/INR   84.00 / 84.10
```

இதைக் காட்டி மூன்று கேள்வி கேட்பேன். இங்கே விலை போகும் பொருள் எது? அந்த விலையை எந்தக் காசில் சொல்லியிருக்கிறார்கள்? நம் கணக்குக்கு இன்று டாலர் வந்திருக்கிறது, அதை ரூபாயாக மாற்றினால் இந்த இரண்டு விலையில் எது கிடைக்கும்? பி.காம். முடித்துவிட்டு வந்தவர்கள்கூட மூன்றாவது கேள்வியில் தயங்குவார்கள். முதல் கேள்விக்கான பதில் மனத்தில் அழுத்தமாகப் பதியாததுதான் அதற்குக் காரணம். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, இன்றைய சந்தை விலை அல்ல.

முதல் படி: இடப்பக்கம் இருப்பது சரக்கு

கடையில் ‘தக்காளி கிலோ 40 ரூபாய்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் குழப்பம் வராது. தக்காளி சரக்கு. அளவு ஒரு கிலோ. விலை ரூபாயில். நாணய ஜோடியும் இதே அமைப்புதான். இடப்பக்கம் இருக்கும் நாணயம் சரக்கு, அதன் அளவு பெரும்பாலும் ஒன்று. வலப்பக்கம் இருக்கும் நாணயம், விலை சொல்லப் பயன்படும் காசு. `USD/INR 84.00` என்றால் ஒரு டாலரின் விலை 84 ரூபாய். `EUR/USD 1.0850` என்றால் ஒரு யூரோவின் விலை 1.0850 டாலர். `USD/JPY 150.00` என்றால் ஒரு டாலரின் விலை 150 யென்.

இடப்பக்க நாணயத்தை அடிப்படை நாணயம் என்பார்கள். சந்தையில் இருப்பவர்கள் பேச்சில் அது பேஸ் கரன்சி. வலப்பக்கத்தது விலை நாணயம், அதாவது கோட் கரன்சி. பெயர் மறந்தால் பரவாயில்லை. சரக்கு, காசு என்று நினைவில் இருந்தால் போதும்.

முதல் எடுத்துக்காட்டில் டாலர் சரக்கு, இரண்டாவதில் அதே டாலர் காசு, மூன்றாவதில் மறுபடி சரக்கு. ஆக, எந்த நாணயமும் பிறவியிலேயே ‘அடிப்படை’ இல்லை. அந்த வரியில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. சில திரைகளில் சாய்கோடு இருக்காது, `EURUSD` என்று ஒட்டி எழுதியிருப்பார்கள். முதல் மூன்று எழுத்து சரக்கு, அடுத்த மூன்று எழுத்து காசு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றெழுத்துக் குறியீடுகள் ஐ.எஸ்.ஓ. 4217 என்ற உலகத் தரத்தில் உள்ளவை. பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு எழுத்து நாட்டையும் மூன்றாவது எழுத்து நாணயத்தையும் குறிக்கும். `SGD` சிங்கப்பூர் டாலர், `LKR` இலங்கை ரூபாய், `AED` எமிரேட்ஸ் திர்ஹாம். சுவிஸ் பிராங்குக்கு `CHF` என்று வருவது, அந்த நாட்டின் லத்தீன் பெயரிலிருந்து.

சாய்கோடு வகுத்தல் குறி இல்லை

கணக்கில் நன்றாகத் தேர்ந்தவர்களைத்தான் இது அதிகம் சறுக்க வைக்கிறது. பள்ளியில் கி.மீ./மணி என்று படித்தோம். அதற்குப் பொருள் ஒரு மணிக்கு இத்தனை கிலோமீட்டர். கோட்டுக்குக் கீழே, அதாவது வலப்பக்கம் இருப்பதுதான் அங்கே ‘ஒன்று’. அந்தப் பழக்கத்தில் `USD/INR` என்பதைப் படித்தால் ‘ஒரு ரூபாய்க்கு இத்தனை டாலர்’ என்று வந்துவிடும். சந்தை வழக்கம் இதற்கு நேர் எதிர். இங்கே சாய்கோடு இரண்டு பெயர்களைப் பிரித்துக் காட்டும் கோடு மட்டுமே.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வணிகவியல் பாடப்புத்தகங்களிலும் தணிக்கையாளர் தேர்வுக் கணக்குகளிலும் `₹/$ 84` என்று எழுதுவார்கள். அது உண்மையிலேயே கி.மீ./மணி மாதிரிதான்: ஒரு டாலருக்கு 84 ரூபாய். அதே செய்தியைச் சந்தைத் திரை `USD/INR 84` என்று சொல்லும். இரண்டும் சரி, இரண்டும் ஒரே விலை, ஆனால் எழுதும் வரிசை தலைகீழ். என் அனுபவத்தில், பொதுவாகச் சின்னம் போட்டு எழுதினால் (₹, $) பாடப்புத்தக முறை, மூன்றெழுத்துக் குறியீடு போட்டு எழுதினால் சந்தை முறை. சந்தேகம் வந்தால் எண்ணைப் பாருங்கள். ஒரு டாலருக்கு 84 ரூபாயா, ஒரு ரூபாய்க்கு 84 டாலரா என்று கேட்டால் எது நடக்கக்கூடியது என்று உடனே தெரிந்துவிடும்.

எண்ணைப் பார்த்து முடிவு செய்யும் இந்த வழி ரூபாய்க்கும் யென்னுக்கும் நன்றாக உதவும். யூரோ, பவுண்ட், டாலர், சுவிஸ் பிராங்க் போன்றவை ஒன்றுக்கொன்று பக்கத்துப் பக்கத்து மதிப்பில் இருப்பதால் அங்கே கைகொடுக்காது. 1.0850 என்ற எண்ணை மட்டும் பார்த்து எது சரக்கு என்று சொல்லிவிட முடியாது. அங்கே எழுதிய வரிசையைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு விலை எதற்கு, நமக்கு எது?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். `84.00 / 84.10` என்ற இரண்டு எண்களும் வங்கி சொல்லும் விலைகள். இந்த ‘வங்கி சொல்லும்’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் இருக்கும் சின்ன எண், சரக்கை வங்கி வாங்கும் விலை, அது பிட். வலப்பக்கம் இருக்கும் பெரிய எண், சரக்கை வங்கி விற்கும் விலை. அது ஆஸ்க், சிலர் ஆஃபர் என்பார்கள். இடையில் இருக்கும் 10 பைசா ஸ்பிரெட். நகைக்கடையில் பழைய நகையை எடுக்கும் விலை ஒன்று, புது நகையை விற்கும் விலை ஒன்று இருக்கிறதே, அதே ஏற்பாடுதான்.

சரக்கு எது? டாலர். நம்மிடம் டாலர் வந்திருக்கிறது, அதை வங்கியிடம் கொடுக்கிறோம். வங்கி வாங்குகிறது. ஆக, நமக்கு 84.00. பக்கத்து நிறுவனம் வெளிநாட்டிலிருந்து ஊசி வரவழைத்து டாலரில் பணம் கட்டுகிறது என்றால், வங்கி அவர்களுக்கு டாலர் விற்கிறது; அவர்களுக்கு 84.10. எந்தப் பக்கம் நின்றாலும் நமக்குச் சாதகமில்லாத விலையே நமக்கு வரும். கணக்கு போட்டபின் சரிபார்க்க இது நல்ல வழி. இரண்டு விலையில் நமக்கு நல்லதாகத் தெரிவதை எடுத்திருந்தால், பக்கம் மாறிவிட்டது என்று பொருள்.

வங்கிகள் காலையில் அனுப்பும் விலைப்பட்டியலில் பிட், ஆஸ்க் என்று இருக்காது. டி.டி. பையிங், டி.டி. செல்லிங், பில் பையிங் என்று இருக்கும். இங்கே டி.டி. என்பது டிமாண்ட் டிராஃப்ட் இல்லை, டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது வங்கிக்கு வங்கி நேரடியாக அனுப்பும் பணம். ‘பையிங்’ என்றால் வங்கி வாங்குவது என்ற அதே பார்வைதான். பில் விலையும் ரொக்க நோட்டுக்கான விலையும் டி.டி. விலையைவிட நமக்குக் கொஞ்சம் பாதகமாக இருக்கும், காரணம் அவற்றில் வங்கிக்குக் காத்திருப்பும் கையாளும் செலவும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ‘பையிங்’ என்பதை ‘நாம் வாங்குவது’ என்று படித்து ஒரு மதிப்பீட்டைத் தவறாகப் போட்டிருக்கிறேன். அந்த எண்ணை வைத்துத் துணிக்கு விலை பேசியாகிவிட்டது. வித்தியாசம் டாலருக்குப் பைசாக் கணக்குதான். ஆனாலும் லாபம் குறைவாக இருந்த அந்த ஆர்டரில் அது உறைத்தது.

சில இடங்களில் `84.00/10` என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். இரண்டாவது எண்ணின் முன்பகுதியை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான், அது 84.10.

எண் ஏறினால் எது ஏறியது?

தக்காளி 40லிருந்து 60 ஆனால் தக்காளி விலை ஏறிவிட்டது என்போம். அதே மாதிரி, ஜோடியின் எண் ஏறினால் இடப்பக்க நாணயம் வலுத்தது, வலப்பக்க நாணயம் இளைத்தது. `USD/INR` வரைபடம் மேலே போனால் ரூபாய் சரிகிறது. `EUR/USD` மேலே போனால் டாலர் சரிகிறது. ‘ரூபாய் வீழ்ச்சி’ என்று தலைப்பு போட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறுமுகமான படம் வெளியாவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். படம் டாலரின் விலை, தலைப்பு ரூபாயின் கதை.

இந்தியாவில் இந்தக் குழப்பத்துக்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. 1993 ஆகஸ்டுக்கு முன்பு இங்குள்ள வங்கிகள் 100 ரூபாய்க்கு எத்தனை டாலர் என்றுதான் விலை சொல்லின. அதாவது ரூபாய் சரக்கு, டாலர் காசு. அப்போது எண் குறைந்தால் ரூபாய் சரிகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்துக் கோப்புகளைப் புரட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சதவீதத்தில் இது இன்னும் பெரிதாக விளையாடும். 2022இல் இலங்கையில் நெருக்கடி வந்தபோது `USD/LKR` சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200இலிருந்து 360 வரை போனது. அந்த உருண்டை எண்களையே வைத்துக் கணக்குப் போடுவோம். டாலர் சரக்கு, அதன் விலை 200இலிருந்து 360 ஆனது என்றால் டாலர் 80 சதவீதம் ஏறியிருக்கிறது. அப்படியானால் ரூபாய் 80 சதவீதம் விழுந்ததா? இல்லை. ரூபாயைச் சரக்காக வைத்துப் பாருங்கள். முன்பு ஒரு ரூபாய் 1/200 டாலர், அதாவது 0.0050. பிறகு 1/360, அதாவது 0.00278. விழுந்தது சுமார் 44 சதவீதம். ஒரே நிகழ்வுக்கு 80 என்றும் 44 என்றும் இரண்டு எண்கள் சரியாக இருக்க முடியும். யாராவது சதவீதம் சொன்னால், எந்த நாணயத்தைச் சரக்காக வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

யார் இடப்பக்கம் வருவது என்று யார் முடிவு செய்தது?

மதிப்பு கூடிய நாணயம் இடப்பக்கம் வரும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. குவைத் தினார் ஒன்றுக்கு மூன்று டாலருக்கு மேல் கிடைக்கும். ஆனாலும் சந்தையில் அது `USD/KWD` என்றுதான் வருகிறது, விலை 0.30 சொச்சம். ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரைவிட மலிவு. ஆனாலும் `AUD/USD` தான்.

இது மதிப்பால் வந்த வரிசை இல்லை, வழக்கத்தால் வந்த வரிசை. முக்கிய நாணயங்களுக்குள் அது இப்படிப் போகும்: யூரோ, பவுண்ட், ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர், அமெரிக்க டாலர், கனடா டாலர், சுவிஸ் பிராங்க், யென். எந்த இரண்டை எடுத்தாலும் இந்த வரிசையில் முன்னால் இருப்பது இடப்பக்கம் வரும். அதனால்தான் `EUR/GBP` உண்டு, `GBP/EUR` திரையில் அரிது. ரூபாய் போன்ற மற்றவை பெரும்பாலும் டாலருக்கு வலப்பக்கம்தான் நிற்கும். பவுண்ட் டாலரையே முந்தி நிற்பதற்கு வரலாறு இருக்கிறது. ஒருகாலத்தில் உலக வணிகத்தின் நடுநாயகமாக இருந்த நாணயம் அது. 1971 பிப்ரவரி வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி என்று இருந்ததால், விலையைப் பவுண்டில் சொல்வதைவிடப் பவுண்டுக்கு விலை சொல்வது எளிது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1966, 1967 வரை பவுண்டில் இருந்த நாடுகள். டாலருக்கு மாறிய பிறகும் இடம் மாறவில்லை. 1999இல் பிறந்த யூரோ எல்லாருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டது.

ஒரு யூரோ பில்லை மாற்றிப் பார்ப்போம்

ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவர் 18,000 யூரோ அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரூபாயில் எவ்வளவு வரும்? நம்மிடம் யூரோ–ரூபாய் விலை இல்லை. இருப்பவை இவை:

```
EUR/USD   1.0850 / 1.0852
USD/INR   84.00  / 84.10
```

பெருக்கவா, வகுக்கவா? இங்கேதான் தவறு நடக்கும். சரக்கு, காசு என்று சங்கிலி போடுங்கள். முதல் வரியில் யூரோவைக் கொடுத்தால் டாலர் வருகிறது. இரண்டாவது வரியில் டாலரைக் கொடுத்தால் ரூபாய் வருகிறது. முதல் வரியின் காசு இரண்டாவது வரியின் சரக்காக இருக்கிறது. சங்கிலி நேராகப் போகிறது. அப்படியானால் பெருக்கல். அப்புறம் பக்கம்: யூரோவை நாம் கொடுக்கிறோம், பிட், வந்த டாலரையும் கொடுக்கிறோம், மறுபடி பிட்.

```
1.0850 × 84.00 = 91.14
18,000 × 91.14 = 16,40,520 ரூபாய்
```

வங்கி தன் கட்டணத்தைக் கழித்தபின் கையில் வருவது இதைவிடக் குறையும்.

பெருக்குவதற்குப் பதில் வகுத்திருந்தால் என்ன வரும்? 84.00 ÷ 1.0850 = 77.42. இந்த எண்ணைப் பார்த்தால் எந்தச் சந்தேகமும் வராது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 7,742 என்று வந்திருந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். 77 என்பது ரூபாய் விலை மாதிரியே இருக்கும். ஆனால் மேல் வரி என்ன சொல்கிறது? ஒரு யூரோ ஒரு டாலரைவிடக் கூடுதல் மதிப்பு. டாலரே 84 ரூபாய் என்றால் யூரோ 84க்கு மேல்தான் இருக்க வேண்டும். 77 இருக்க வழியில்லை. கணக்கியைத் தொடுவதற்கு முன்பே, விடை 84க்கு மேலா கீழா என்று தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். 18,000 யூரோவில் அந்தப் பிழையின் விலை 2,46,000 ரூபாய்க்கு மேல்.

சங்கிலி நேராகப் போகாத ஜோடி யென். `USD/JPY 150.00`, `USD/INR 84.00` என்று இருந்தால் இரண்டிலும் டாலர்தான் சரக்கு. முதல் வரியைத் திருப்பினால்தான் யென்னிலிருந்து டாலருக்குப் போக முடியும். அதனால் இங்கே வகுத்தல். 84 ÷ 150 = 0.56, ஒரு யென்னுக்கு 56 பைசா. ஆனால் வங்கிப் பட்டியலிலும் தேசியப் பங்குச் சந்தையின் `JPYINR` ஒப்பந்தத்திலும் 56.00 என்று இருக்கும். அங்கே மட்டும் சரக்கின் அளவு ஒன்றல்ல, 100 யென். யென் விலையை எங்கே பார்த்தாலும் ஒன்றுக்கா நூறுக்கா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு விலை உள்ள ஜோடியைத் திருப்பும்போது பிட்டும் ஆஸ்க்கும் இடம் மாறும். `USD/INR 84.00/84.10` என்பதைத் திருப்பினால் `INR/USD` பிட் 1 ÷ 84.10 = 0.01189, ஆஸ்க் 1 ÷ 84.00 = 0.01190. டாலரை வங்கி விற்கிறது என்றால் ரூபாயை வாங்குகிறது என்று பொருள், அதனால்தான். திருப்பியபின் பிட் பெரிதாகவும் ஆஸ்க் சிறிதாகவும் இருந்தால் இடம் மாற்ற மறந்திருக்கிறீர்கள்.

லாபம் எந்தக் காசில் வரும்?

சரக்கைக் காசுக்கு வாங்கி, காசுக்கு விற்கிறோம். மிஞ்சுவதும் அந்தக் காசுதான். ஆக, லாபமோ நட்டமோ வலப்பக்க நாணயத்தில் வரும். `USDINR` ஒப்பந்தம் ஒன்று 1,000 டாலர். விலை 84.00இலிருந்து 84.25 ஆனால் 1,000 × 0.25, அதாவது 250 ரூபாய்.

பிப் என்ற சொல்லும் இங்கேதான் வருகிறது. விலை நகரும் சிறு அலகு அது. பெரும்பாலான ஜோடிகளில் நான்காவது தசம இடம், `EUR/USD` 1.0850இலிருந்து 1.0851 ஆனால் ஒரு பிப். வலப்பக்கம் யென் இருந்தால் இரண்டாவது தசம இடம். பல திரைகள் அதற்குப் பிறகு இன்னொரு இலக்கத்தையும் சின்னதாகக் காட்டும். அது பிப்பில் பத்தில் ஒரு பங்கு.

கைப்பேசிச் செயலிகளில் வணிகம் பார்க்கத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. (இந்தியாவில் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கி அனுமதிக்காத தளங்களில் செலாவணி வணிகம் செய்வது ஃபெமா சட்டத்தை மீறுவது. அப்படிப்பட்ட தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கியே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பணம் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.) ஒரு தம்பி பயிற்சிக் கணக்கில் `USD/JPY` 1,000 டாலர் 150.00க்கு வாங்கி 150.60க்கு விற்றிருந்தார். 1,000 × 0.60 = 600 என்று சரியாகவே கணக்குப் போட்டார். “600 டாலர் வந்திருக்கணும் அண்ணா, திரையில 4 டாலர்கூட இல்லையே” என்றார். சரக்கு எது, காசு எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “காசு யென்” என்றார். 600 யென்; 150.60ஆல் வகுத்தால் 3.98 டாலர்.